எட்டாம் வரியின் நடுவில் ஓர் "ஆனால்"



நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த வகுப்பு. ஆங்கில இலக்கியப் புத்தகம் எல்லோரிடமும் இருக்கவில்லை. ரீச்சர் கரும்பலகையில் எழுத, நாங்கள் கொப்பியில் பார்த்தெழுதினோம். அப்படி எழுதியவற்றுள் ஒன்று, பார்வை இழந்த மில்ரன் பாடிய சொனெற். அதன் கடைசி வரியை ஒருவருக்கொருவர் ஓட்டோகிராப்பில் எழுதிக்கொடுத்துப் பிரிந்தோம். அந்த வரிக்கு அவர் எந்த வழியால் வந்து சேர்ந்தார் என்பதை அன்று நாங்கள் கவனிக்கவில்லை. இன்று அதை மட்டும் பேச விரும்புகிறோம்.

மில்ரன் 1652 அளவில் முற்றாகப் பார்வை இழந்தார். அப்போது அவருக்கு வயது 43 அளவில். எங்கள் வகுப்பில் பலருக்கு இப்போது அதே வயது.

சொனெற் பதினான்கு வரி. இத்தாலிய முறையில் முதல் எட்டு வரியில் ஒரு சிக்கல் எழும். ஒன்பதாம் வரியின் தொடக்கத்தில் வாதம் திரும்பும். மில்ரன் கைக்கொண்டதும் அந்த முறைதான். எட்டாம் வரிக்குக் கீழே கோடு கீறி, மேலே "முறைப்பாடு", கீழே "ஆறுதல்" என்று எழுதி மனனம் செய்தோம். பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் கோடு கீறிய இடம் பிழை.

முறைப்பாட்டைப் பாருங்கள். வாழ்நாளில் பாதி கழியுமுன்னே என் ஒளி செலவாகிவிட்டது; எனக்குத் தரப்பட்ட தாலந்து என்னிடம் பயனின்றிக் கிடக்கிறது; எசமான் திரும்பி வந்து கணக்குக் கேட்டால் என்ன சொல்வேன்? மத்தேயு சுவிசேஷத்தில் தாலந்தை மண்ணில் புதைத்துவைத்த வேலைக்காரனின் பயம் இது. செலவு, கணக்கு என்று எல்லாம் காசுச் சொற்கள். "நான்", "என்" என்பன திரும்பத் திரும்ப வருகின்றன. இவ்வளவும் ஒரே நீண்ட வாக்கியம். ஒளியைப் பறித்த கடவுள் பகல் வேலையையும் கேட்பாரா என்ற கேள்வியில் அது உச்சத்துக்கு வருகிறது. "கேட்கிறேன்" என்ற முக்கிய வினைக்கு எட்டாம் வரிவரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். அந்த வினையோடு, "மூடத்தனமாக" என்று அக்காலத்தில் பொருள்பட்ட ஒரு சொல்லையும் கவிஞரே சேர்த்துவிடுகிறார்.

உடனே, அதே எட்டாம் வரியின் நடுவில், "ஆனால்" வந்துவிடுகிறது. பொறுமை என்பவள் பேசத் தொடங்குகிறாள். முறைப்பாட்டுக்கு உரிய எட்டு வரியும் அதற்குக் கிடைக்கவில்லை. அந்த முணுமுணுப்பு எழாதபடி தடுக்கவே அவள் பேசினாள் என்கிறது கவிதை. ஆனால் முணுமுணுப்பை நாங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டோமே! ஆகவே அந்தக் கேள்வி வாய்விட்டுக் கேட்கப்பட்டதல்ல, மனதுக்குள் உருவாகிக்கொண்டிருந்தது என்று கொள்ளலாம். இன்னொன்று: "தடுக்க" என்ற அந்தச் சொல் முதல் வரியின் "செலவான" என்ற சொல்லோடு எதுகை சேர்கிறது. மறுமொழி, முறைப்பாட்டின் ஓசைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அதனால் ஆறுதல் வெளியிலிருந்து வந்த உபதேசமாக ஒலிக்கவில்லை; வருந்திய அதே மனதின் இன்னொரு குரலாக ஒலிக்கிறது.

அவள் சொல்வதும் நாங்கள் எதிர்பார்த்ததல்ல. கிளினிக்கில் பார்வை போன ஒருவர், "இனி நான் என்னத்துக்கு, டொக்டர்?" என்று கேட்டால், "அப்படிச் சொல்லாதேங்கோ, இன்னும் எவ்வளவோ செய்யலாம்" என்போம். அது அவருடைய கணக்குப் புத்தகத்தை ஏற்றுக்கொண்டு அதில் இரண்டு வரி கூட்டுவதுதான். பொறுமை அப்படிச் செய்யவில்லை. கடவுளுக்கு மனிதரின் வேலையே தேவையில்லை என்கிறாள். கேள்விக்கு "ஆம்", "இல்லை" என்று சொல்லாமல், அது நின்ற நிலத்தையே எடுத்துவிடுகிறாள். கணக்குக் கேட்ட எசமான் போய், அரசர் வருகிறார். ஆயிரமாயிரம் பேர் அவர் ஏவலில் கடலும் நிலமும் கடந்து ஓடுகிறார்கள். சிலர் அருகே நின்று காத்திருக்கிறார்கள். அரசவையில் நிற்பதும் ஊழியம். திருப்பத்துக்குப் பிறகு "நான்" ஒரு தடவைகூட வரவில்லை. எண்ணிப் பாருங்கள்.

கோட்டை ஒன்பதாம் வரியில் கீறினால் இவ்வளவும் தவறிப்போகும். "துன்பம் வந்தால் பொறுத்திரு" என்பதே மிஞ்சும். நாங்கள் பரீட்சையில் எழுதியதும் அதுதான்.

ஒன்று மட்டும் இன்னும் எங்களுக்குள் தீரவில்லை. பொறுமையின் பேச்சு எங்கே முடிகிறது? இன்றைய பதிப்புகள் சிலவற்றில் கடைசி வரிவரை மேற்கோள் குறி உண்டு. 1673இல் முதன்முதல் அச்சானபோது அப்படி எதுவும் இல்லை. கடைசி வரியை அவள் சொன்னால் அது மறுமொழி. மில்ரனே சொன்னால், அவர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார். எங்களுள் இருவர் அவள் என்கிறார்கள், மற்றவர்கள் அவர் என்கிறோம். அன்று எங்களுக்கு இதைக் கற்பித்த ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். தேநீர் வேளையில் அவரிடம் கேட்கப்போகிறோம்.