சராசரியை நகர்த்தும் கணக்கு

போட்டித் தேர்வுக்காக வாராவாரம் மாதிரித் தேர்வு எழுதுகிறவர்கள் பலர், சராசரி பார்க்க ஒவ்வொரு முறையும் பழைய மதிப்பெண்களை முதலிலிருந்து கூட்டுகிறார்கள். அது தேவையே இல்லை. பழைய சராசரியும், எழுதிய தேர்வுகளின் எண்ணிக்கையும் நோட்டில் இருந்தால் போதும்.

நான்கு தேர்வுகளின் சராசரி 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதில் 75. வித்தியாசம் 15, அதை ஐந்தால் வகுத்தால் 3. பழைய சராசரியோடு கூட்டினால் 63. மதிப்பெண் குறைந்திருந்தால் அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும். சிலர் 60-ஐயும் 75-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, 67.5 என்று மகிழ்ந்துபோவார்கள். நான்கு தேர்வுகளை ஒரே தேர்வுக்குச் சமமாக்கிவிடும் கணக்கு அது!

இதில் ஒரு சங்கடமும் உண்டு. சராசரி 63-இல் நிற்க, முப்பதாவது தேர்வில் 93 வாங்கினாலும் ஏறுவது ஒரே ஒரு மதிப்பெண்தான். பாடமே முடிக்காமல் எழுதிய ஆரம்பத் தேர்வுகளும் அதற்குள் இருக்கின்றனவே! அதனால் கடைசி ஐந்து தேர்வுகளின் சராசரியைப் பக்கத்திலேயே தனியாக எழுதுங்கள். அது மொத்தச் சராசரிக்குக் கீழே போனால், மொத்தம் பெரிதாக இறங்காவிட்டாலும், அந்த ஐந்து விடைத்தாள்களை எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.