எந்த அதிகாரத்தில்? – இரண்டு நீதிப்பேராணைகள், ஒரே கேள்வி
(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செய்தித்தாளில் 'ஆட்கொணர்வு மனு' என்று அடிக்கடி படிக்கிறோம். 'கோ வாரண்டோ மனு' என்பது எப்போதாவது ஒரு முறை கண்ணில் படும். இரண்டும் வெவ்வேறு விஷயம் போலத் தெரிந்தாலும், இரண்டிலும் நீதிமன்றம் கேட்பது ஒரே கேள்விதான்: 'எந்த அதிகாரத்தில்?' கோ வாரண்டோவில் பதவியில் இருப்பவரிடம், 'எந்த அதிகாரத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?' என்று கேட்கிறது. ஹேபியஸ் கார்பஸில், அதாவது ஆட்கொணர்வில், ஒருவரைப் பிடித்து வைத்திருப்பவரிடம், 'எந்த அதிகாரத்தில் இவரை வைத்திருக்கிறீர்கள்? கொண்டு வந்து காட்டுங்கள்' என்கிறது. இவற்றை உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழும், அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டால் உச்ச நீதிமன்றத்தில் 32-ஆவது பிரிவின் கீழும் கேட்கலாம்.

முதலில் நாற்காலி. இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2001 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் ஏற்கப்படவில்லை. டான்சி நில வழக்குகளில் 2000 அக்டோபரில் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அதிகபட்சம் 3 ஆண்டு. 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்க முடியாது. ஆனால் அவருடைய கட்சி பெரும்பான்மை பெற்றது. 2001 மே 14 அன்று அவர் முதல்வராகப் பதவியேற்றார். அரசியலமைப்பின் 164(4) பிரிவின்படி, சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதம் வரை அமைச்சராக இருக்கலாம்; அதுதான் அவர் தரப்பின் ஆதாரம். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததையும் எடுத்துச் சொன்னார்கள்.

பி.ஆர். கபூர் என்பவர் உச்ச நீதிமன்றத்தில் கோ வாரண்டோ கேட்டார். ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2001 செப்டம்பர் 21 அன்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஆறு மாத அவகாசம், அதற்குள் தேர்தலில் நின்று ஜெயிக்கத் தகுதி உள்ளவருக்குத்தான். தேர்தலில் நிற்கவே தகுதி இழந்தவருக்கு இல்லை என்றது நீதிமன்றம். தண்டனை நிறுத்தப்பட்டதே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பு நிறுத்தப்படவில்லை என்றும் சொன்னது. 'மக்கள் தீர்ப்பு எங்கள் பக்கம்' என்ற வாதமும் எடுபடவில்லை. மக்கள் தீர்ப்பால் அரசியலமைப்பை மீற முடியாது. அன்றைக்கே அவர் பதவி இழந்தார், ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார்.

இந்த வழக்கில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த நான்கு மாதங்களில் அந்த அரசு செய்த, மற்றபடி சட்டத்துக்கு உட்பட்ட செயல்கள் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. இல்லாவிட்டால் கையெழுத்தான அத்தனை உத்தரவுகளும் கேள்விக்கு உள்ளாகி, பொதுமக்கள்தான் தவித்திருப்பார்கள். அடுத்து, இந்தத் தீர்ப்பு நிரந்தரத் தடை அல்ல. டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் ஜெயித்து 2002 மார்ச்சில் அவர் மீண்டும் முதல்வரானார். அதையும் சட்டம் தடுக்கவில்லை. நீதிமன்றம் பார்த்தது ஆளை அல்ல; நியமன நாளில் தகுதி இருந்ததா என்பதை.

இதே அளவுகோல்தான் மற்ற பதவிகளுக்கும். கேரளத்தில் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனத்தை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தேடல் குழு பல பெயர்கள் கொண்ட பட்டியல் தர வேண்டும் என்பது விதி. குழுவோ ஒரே ஒரு பெயரைத்தான் தந்தது. அவர் நல்ல ஆசிரியரா, திறமைசாலியா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. 'அவரைவிட இவர் மேல்' என்ற புகாருக்குக் கோ வாரண்டோ இல்லை. 'விதிப்படி தகுதி இல்லை' அல்லது 'விதிப்படி நியமிக்கவில்லை' என்றால்தான் உண்டு. அந்தப் பதவி கிடைக்காமல் போனவர்தான் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. தொடர்பே இல்லாத குடிமகனும் கேட்கலாம்.

'அப்படியானால் நம் சங்கச் செயலாளர் மேல் போடலாமா?' என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. போட முடியாது. கோ வாரண்டோ பொதுப் பதவிக்கு மட்டும்தான். அதாவது, சட்டத்தால் உருவாகி, பொதுக் கடமை உள்ள பதவிக்கு. சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்த நம்மைப் போன்ற சங்கத்தின் நிர்வாகப் பதவி அப்படிப்பட்டதல்ல. நம் தேர்தலில் குறை இருந்தால் மாவட்டப் பதிவாளரிடமோ சிவில் நீதிமன்றத்திலோதான் கேட்க வேண்டும்.

இனி ஆட்கொணர்வு. 1976 மார்ச் 1. நெருக்கடி நிலைக் காலம். கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீசார் பிடித்துச் சென்றார்கள். அவருடைய அப்பா ஈச்சர வாரியர், ஓர் இந்திப் பேராசிரியர். அதிகாரிகளையும் அமைச்சர்களையும் பார்த்தார், மனு மேல் மனு எழுதினார். மகன் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. நீதிமன்றத்துக்கும் போக முடியாத நிலை. நெருக்கடி நிலையில் யாரும் ஆட்கொணர்வு கேட்க முடியாது என்று அந்த ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை முடிந்தது. நான்கே நாளில், 25-ஆம் தேதி, வாரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் மனு போட்டார். 'ராஜனை நாங்கள் கைது செய்யவே இல்லை' என்பது அரசின் பதில். நீதிமன்றம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. போலீஸ் கூட்டிப் போனதைப் பார்த்தவர்களையும் முகாமில் அவரைப் பார்த்தவர்களையும் விசாரித்தது. அவர் போலீஸ் காவலில் இருந்தார் என்று முடிவுசெய்து, அவரைக் கொண்டு வந்து நிறுத்த உத்தரவிட்டது. கொண்டு வர முடியவில்லை. கக்கயம் முகாமில் அடித்த அடியில் ராஜன் அதற்கு ஓராண்டு முன்பே இறந்திருந்தார். அதை அரசு ஒப்புக்கொள்ள நேர்ந்தது. முதல்வர் கருணாகரன் பதவி விலகினார். உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. மகனை மீட்டுத் தர அந்த மனுவால் முடியவில்லை. ஆனால் 'பிடிக்கவே இல்லை' என்ற பொய் நிற்க முடியாமல் போனது. 1978-இல் 44-ஆவது திருத்தம் வந்த பிறகு, நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் உடலுக்குமான உரிமையை நிறுத்தி வைக்க முடியாது. ஜபல்பூர் தீர்ப்பையும் 2017-இல் உச்ச நீதிமன்றம் தவறென்று தள்ளியது.

இன்று இது எப்போது பயன்படும்? கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் வைத்திருந்தால் ஆட்கொணர்வு மனு சரியான வழி. சட்டப்படி ரிமாண்ட் ஆகிவிட்டால் பொதுவாக இது எடுபடாது, ஜாமீன்தான் வழி. நேரத்தை இதில் வீணாக்கிவிடக் கூடாது.

குண்டர் சட்டத்தில் அடைத்தால் நிலைமை வேறு. அதில் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை வைக்கலாம். அங்கே நீதிமன்றம் குற்றம் செய்தாரா என்று பார்ப்பதில்லை. காரணங்களை 5 நாளுக்குள், அவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தார்களா, அவர் அனுப்பிய முறையீட்டைத் தாமதமின்றிப் பரிசீலித்தார்களா என்று பார்க்கிறது. அதில் கோட்டை விட்டால் உத்தரவு ரத்தாகும். தனியார் பிடித்து வைத்திருந்தாலும் மனு போடலாம். வயது வந்த மகளை வீட்டிலேயே பூட்டி வைத்தால், நீதிபதிகள் அவளையே அழைத்து 'எங்கே போக விரும்புகிறாய்?' என்று கேட்பார்கள். பதில் அவளுடையது.

மனுவை அடைபட்டவரே போட வேண்டியதில்லை. உறவினரோ நண்பரோ போடலாம். எந்த நாள், எத்தனை மணி, எந்த வண்டி, யார் பார்த்தார்கள் என்பதை உடனே எழுதி வையுங்கள். காவல் நிலையத்திலும் கண்காணிப்பாளரிடமும் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் ஒப்புதல் வாங்குங்கள். ராஜன் வழக்கில் 'பிடிக்கவே இல்லை' என்பதை உடைத்தது, பார்த்தவர்கள் சொன்ன சாட்சிதான்.