உறுமும் கிரைண்டர்: கண்டன்சரா, சுமையா, பேரிங்கா?

(சுயதொழில் உதவி பெறும் சகோதரிகளுக்கான கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



இட்லி மாவு அரைத்து விற்கும் சகோதரிகள் நமது அலுவலகத்துக்கு எழுதும் மனுக்களில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. "கிரைண்டர் உறுமுகிறது, சுற்றவில்லை. மோட்டார் போய்விட்டது. புதுக் கிரைண்டர் தந்து உதவவும்." இப்படி வந்த மனுக்களில் பலவற்றில் மோட்டார் போகவே இல்லை. உறுமல் ஒன்றுதான், காரணங்கள் மூன்று. அவற்றைப் பிரித்தறியும் வழியை இன்று சொல்லிவிடுகிறோம்.

முதலில் உறுமல் ஏன் வருகிறது என்று பார்ப்போம். நம் வீடுகளுக்கு வருவது சிங்கிள் பேஸ் மின்சாரம். அது மட்டும் இருந்தால் மோட்டாரின் காந்தவிசை முன்னும் பின்னுமாக இழுக்குமே தவிர, ஒரு பக்கமாகச் சுழற்றாது. அதனால்தான் மோட்டாருக்குள் இரண்டாவதாக ஒரு சுருளை வைத்து, கெப்பாசிட்டர் வழியாக அதற்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். எலக்ட்ரீசியன்கள் கண்டன்சர் என்று சொல்லும் அதே பொருள்தான். அது தரும் சிறிய காலவேறுபாடுதான் மோட்டாரை ஒரு திசையில் கிளப்புகிறது. மின்சாரம் பாய்ந்தும் மோட்டார் கிளம்ப முடியாமல் நின்றால் உறுமும். அப்படி நிற்கும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். சுருள் சூடேறிக் கருகும். ஆகவே உறுமல் கேட்டதும் "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்க வேண்டாம். உடனே அணைத்துவிடுங்கள். கெப்பாசிட்டரோடு போயிருக்க வேண்டிய செலவு, மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவாக மாறுவது அந்தச் சில நிமிடங்களில்தான்.

இப்போது மூன்று காரணங்களையும் பிரிப்போம். எப்போது திணறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கெப்பாசிட்டர் பலவீனமாக இருந்தால், கோளாறு கிளம்பும்போதே தெரியும். டிரம் காலியாக இருந்தாலும் சோம்பலாகத்தான் கிளம்பும், அல்லது உறுமிக்கொண்டு நிற்கும். முதலில் காலியாக ஓடும், மாவு போட்டால் தளரும்; நாளாக ஆகக் காலியாகவும் ஓடாது. கெப்பாசிட்டர் வெப்பத்தாலும் வயதாலும் தேய்கிறது. சில நேரம் உப்பியிருக்கும், எண்ணெய் கசிந்திருக்கும். சில நேரம் பார்வைக்குப் புதிது போலவே இருந்து, உள்ளே அளவு குறைந்திருக்கும். ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், மீட்டரில் அளந்து காட்டும்படி எலக்ட்ரீசியனிடம் கேளுங்கள். மேலே 10 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தால் ஏறத்தாழ 10 காட்ட வேண்டும். 6, 7 என்று காட்டினால் மாற்ற வேண்டியதுதான். புதிதாகப் போடுவதும் அதே அளவாக இருக்கட்டும். வோல்டேஜ் எண் பழையதைவிடக் குறையக் கூடாது. "பெரிதாகப் போட்டால் பவர் கூடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த இரண்டாவது சுருள்தான் சூடாகிக் கெடும்.

சுமை அதிகமாக இருந்தால் கதை வேறு. காலி டிரம் சட்டென்று கிளம்பும், முழு வேகத்தில் ஓடும். மாவு கெட்டியாக ஆகத்தான் தளரும். பாதியை எடுத்துவிட்டாலோ, கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலோ உடனே தேறிவிடும். நோன்பு மாதத்தில் இது நிறைய வருகிறது. இஃப்தாருக்கு வடை போட, கடலைப் பருப்பைத் தண்ணீர் இல்லாமல் கொரகொரவென்று அரைக்கிறோம். இட்லி அரிசியைவிட அது கல்லை அதிகம் பிடிக்கும். அதற்கு டிரம்மில் பாதிக்கு மேல் போடக் கூடாது. சரியாக ஊறாத அரிசியும் இதே வேலையைச் செய்யும். குழவியை இறுக்கும் அமைப்பு உள்ள கிரைண்டரில், சீக்கிரம் அரையட்டும் என்று அதிகமாக இறுக்கினாலும் மோட்டார் திணறும்.

சுமையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மின்னழுத்தம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், மோட்டாரின் இழுவை சுமார் அறுபது சதவீதமாகக் குறைந்துவிடும். மாலையில் மட்டும் திணறி, விடியற்காலையில் நன்றாக ஓடினால் குறை கிரைண்டரில் இல்லை. அரைக்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது பேரிங். இதில்தான் ஏமாற்றம் அதிகம், ஏனென்றால் இது கெப்பாசிட்டர் கோளாறு போலவே வேடமிடும். நம்மிடம் உதவி பெறும் ஒரு சகோதரியின் 5 லிட்டர் டில்டிங் கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். கணவர் இல்லாத வீடு. மாவு விற்றுத்தான் பிள்ளைகளின் படிப்பு. கிரைண்டர் உறுமித் தளர்ந்தபோது ஒருவர் வந்து கெப்பாசிட்டர் மாற்றினார். ஓரளவு ஓடியது. பத்து நாளில் பழையபடி ஆனது. மறுபடியும் மாற்றினார்கள்; மறுபடியும் அதே நிலை. மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும், அதைவிடப் புதிது வாங்குவதே மேல் என்று சொல்லிவிட்டார்கள். மனு நம்மிடம் வந்தது.

நாம் அனுப்பிய மெக்கானிக் முதலில் பிளக்கைப் பிடுங்கினார். குழவியை எடுத்துவிட்டு, டிரம்மைக் கையால் சுற்றிவிட்டார். கால் சுற்றுக்கூட வராமல் நின்றது. மணல் அரைபடுவது போன்ற சத்தமும் வந்தது. பிறகு பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரை மட்டும் ஓட்டினார். உறுமல் இல்லாமல் உடனே கிளம்பியது. அணைத்துவிட்டுக் கெப்பாசிட்டரை அளந்தார், 10க்கு 9.8 இருந்தது. மோட்டாரும் சரி, கெப்பாசிட்டரும் சரி. பிடித்து இழுப்பது டிரம்மின் அடியில் இருக்கும் பேரிங் என்று தெளிவானது. கழற்றிப் பார்த்தால் கிரீஸ் துருநிறத் தண்ணீராக ஒழுகியது. கழுவும்போது டிரம்மின் வெளிப்புறம் ஊற்றிய தண்ணீர், தேய்ந்துபோன சீல் வழியே உள்ளே இறங்கியிருந்தது. புதுக் கெப்பாசிட்டர் போட்ட சில நாட்கள் ஓடியதற்குக் காரணம், கிளம்பும் பலம் சற்றுக் கூடியதுதான். பேரிங் மேலும் இறுகியதும் அந்தப் பலமும் போதவில்லை. பேரிங்கும் சீலும் மாற்றினார்கள். அதே மோட்டார் இன்றும் ஓடுகிறது.

பேரிங் இறுகுவதை முன்கூட்டியே அறிய ஓர் எளிய வழி உண்டு. காலி டிரம்மை ஓடவிட்டு அணையுங்கள். நல்ல நிலையில் அது சில சுற்றுகள் தானாகச் சுற்றி, மெல்ல நிற்கும். முன்பு அப்படி நின்றது இப்போது வெடுக்கென்று நின்றால், பேரிங்கைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. டிரம்மின் அடியில் கறுப்பு நீர் வடிந்த தடம் இருந்தாலும் அப்படித்தான். இதற்கு நேர்மாறாக, மோட்டார் உறுமாமல் நன்றாக ஓடி, டிரம் மட்டும் நின்றால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள்.

கையால் சுற்றிப் பார்ப்பதும், காலியாக ஓட்டிப் பார்ப்பதும், பாதிச் சுமையில் பார்ப்பதும் நீங்களே செய்யலாம். பெல்ட்டைக் கழற்றுவதும் கெப்பாசிட்டரைத் தொடுவதும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருந்து அடிக்கும். அதை வெளியேற்றிய பின்பே எலக்ட்ரீசியன்கள் கை வைப்பார்கள்.

இனி மனு எழுதும்போது, காலியாகக் கிளம்பியதா, கையால் சுற்றினால் இலகுவாகச் சுற்றியதா, பாதிச் சுமையில் தேறியதா என்ற மூன்றுக்கும் விடை எழுதுங்கள். எந்த வேலைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒரு பேரிங்கில் முடியும் வேலைக்குப் புதுக் கிரைண்டர் வாங்காமல் இருந்தால், அந்தப் பணம் காத்திருக்கும் இன்னொரு சகோதரியின் முதல் கிரைண்டராகும், இன்ஷா அல்லாஹ்.