சீட்டைக் கலைப்பதில் உள்ள நியாயம்

மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி வரும் இரண்டு கேள்விகளைப் பற்றி இன்று பேசுகிறேன். சீட்டுக்கட்டை நியாயமாகக் கலைப்பது எப்படி என்பது ஒன்று. மொத்தம் எத்தனை என்றே தெரியாமல் வந்துகொண்டிருக்கும் வரிசையிலிருந்து ஒன்றை நியாயமாகப் பொறுக்குவது எப்படி என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நாலைந்து வரி நிரல் போதும். அது சரிதான் என்று காட்டும் நிரூபணம் அதைவிடச் சிறியது, காதால் கேட்டே பிடித்துக்கொள்ளலாம்.

மூன்று சீட்டுகளை எடுத்துக்கொள்வோம்: அ, ஆ, இ. இவற்றை ஆறு விதமாக அடுக்கலாம். அந்த ஆறுக்கும் சம வாய்ப்பு இருந்தால்தான் கலைத்தது நியாயம்.

பலருக்கும் முதலில் தோன்றும் வழி இது: ஒவ்வோர் இடமாகப் போய், அங்குள்ள சீட்டை மூன்று இடங்களில் ஏதோ ஒன்றில் உள்ள சீட்டோடு மாற்றிவைப்பது. தற்செயலாகத்தானே தேர்ந்தெடுக்கிறோம், இதில் என்ன குறை என்று தோன்றும். எண்ணிப் பாருங்கள். மூன்று முறை, முறைக்கு மூன்று தேர்வு. ஆக 27 பாதைகள், எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு. இந்த 27 பாதைகளும் ஆறு அடுக்குகளில் போய் முடிய வேண்டும். ஆனால் 27 ஆறால் வகுபடாது. அப்படியானால் சமமாகப் பங்கிட வழியே இல்லை. உண்மையில் மூன்று அடுக்குகளுக்கு ஐந்து பாதைகளும், மற்ற மூன்றுக்கு நான்கு பாதைகளும் கிடைக்கின்றன. ‘ஆ, இ, அ’ ஐந்து வழியில் வருகிறது; ‘இ, ஆ, அ’வுக்கு நான்குதான்.

சரியான முறைக்கு ஒரு சிறு மாற்றம் போதும். கடைசி இடத்துக்கு மூன்றில் எதையும் எடுக்கலாம். எடுத்து வைத்த பிறகு அந்த இடத்தைத் தொடக்கூடாது. அடுத்த இடத்துக்கு மீதி இரண்டில் ஒன்று. மூன்று பெருக்கல் இரண்டு, ஆறு பாதைகள். நீங்கள் எந்த அடுக்கைக் கேட்டாலும் அதற்கு ஒரே ஒரு பாதைதான் உண்டு. நிரூபணம் முடிந்தது. 52 சீட்டுக்கும் இதே பேச்சுதான். 1938இல் ஃபிஷரும் யேட்ஸும் காகிதத்தில் செய்யும்படி இதைச் சொன்னார்கள். 1964இல் டர்ஸ்டன்ஃபெல்ட் கணினிக்கு ஏற்ற வடிவம் தந்தார்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரு சர்வரிலிருந்து பதிவு வரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. எப்போது நிற்கும் என்று தெரியாது, எல்லாவற்றையும் சேமிக்க இடமும் இல்லை. எந்த நேரத்தில் நிறுத்தினாலும், அதுவரை வந்த வரிகளில் ஒன்று சம வாய்ப்போடு கையில் இருக்க வேண்டும். ரிசர்வாயர் சாம்ப்ளிங் என்பது இதற்கான முறை. முதல் வரியை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வந்ததும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்போடு மாற்றுங்கள், மூன்றாவது வந்ததும் மூன்றில் ஒரு பங்கு, இப்படியே போகலாம்.

பிந்தி வருபவற்றுக்கு வாய்ப்பு குறைகிறதே, இது அநியாயம் அல்லவா என்று தோன்றலாம். ஐந்து வரிகளோடு நிறுத்துவதாக வைத்து, மூன்றாவது வரியைப் பின்தொடர்வோம். அது கைக்கு வர வாய்ப்பு மூன்றில் ஒன்று. நான்காவது வந்தபோது தப்பிக்க நான்கில் மூன்று. ஐந்தாவதிடம் தப்பிக்க ஐந்தில் நான்கு. மூன்றையும் பெருக்கினால் மேலே உள்ள மூன்று கீழே உள்ள மூன்றோடு அடிபடும், நான்கு நான்கோடு அடிபடும். எஞ்சுவது ஐந்தில் ஒன்று. முந்தி வந்தவை கைக்கு எளிதாக வந்தாலும் அதிக முறை தப்பிக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் சரியாக ஈடுகட்டிக்கொள்கின்றன.

இந்த நிரூபணங்கள் ஒன்றை நம்பி நிற்கின்றன: தற்செயல் எண் உண்மையிலேயே தற்செயலாக இருக்க வேண்டும். 1999இல் ஓர் இணையப் போக்கர் மென்பொருளை ஆராய்ந்தவர்கள், அதில் நான் முதலில் சொன்ன தவறான கலைப்பையே கண்டார்கள். அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. தற்செயல் எண்களின் தொடக்கப்புள்ளி, நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிவினாடிகள். ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம்தான். வெளியில் தெரியும் சீட்டுகளை வைத்தே மற்றவர் கையைக் கண்டுபிடிக்க முடிந்தது.

உங்கள் நிரலைச் சோதிக்க வேண்டுமா? மூன்று சீட்டுகளை 27,000 முறை கலைத்து, ஒவ்வோர் அடுக்கும் எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். நியாயமான முறையில் எல்லாம் 4,500ஐ ஒட்டி நிற்கும். தவறான முறையில் சில 4,000 பக்கமும் சில 5,000 பக்கமும் பிரிந்துவிடும். 52 சீட்டுக்கு இப்படி எண்ண முடியாது. அடுக்குகளின் எண்ணிக்கை 68 இலக்கம். அங்கே ஓட்டிப் பார்த்து நியாயத்தை உறுதிசெய்ய வழியில்லை. ஓர் அடுக்குக்கு ஒரு பாதை என்ற அந்த ஒற்றை வரி வாதம்தான் நமக்கு உள்ள உறுதி.