4 மீட்டர் துணியில எவ்வளவு ஃபிளேர் வரும்?

போடிநாயக்கனூர்ல இருந்து ஒரு லிஸனர் கேட்டிருக்காங்க: "போடிமெட்டு பக்கம் ஏலத்தோட்டத்துல ஒரு கல்யாணம். 44 இஞ்ச் அகலத்துல 4 மீட்டர் துணி வாங்கிட்டேன். அனார்கலியா, பட்டியாலாவா?" வெட்டின துணியைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால முதல்ல கணக்குப் பார்ப்போம்.

நம்ம ஊர்ல மொத்த செட்டையுமே சுடிதார்னு சொல்றோம். உண்மையில அது கால் பகுதியோட கட் மட்டும்தான். துணியைக் குறுக்கா, 45 டிகிரியில வெட்டுவாங்க. அப்போதான் இழுத்தா கொடுக்கும். நேரா வெட்டியிருந்தா, உட்காரும்போது முட்டியில பிடிக்கும். கால் நீளத்தை விடக் கூடுதலா விடுற துணிதான் கணுக்கால்ல வளையல் மாதிரி அடுக்கா நிக்குது.

பலாஸோவுக்கு மடிப்பு தேவையில்லை. இடுப்புல இருந்து அகலமாவே கீழ இறங்கும். பட்டியாலாவுல ஃபிளேர் மடிப்புல இருந்து வருது. இடுப்புல ஒரு பெல்ட் வெச்சு, அதுல துணியை ப்ளீட் ப்ளீட்டா பிடிச்சு விடுவாங்க. முழு பட்டியாலா பேன்ட்டுக்கே கிட்டத்தட்ட 4 மீட்டர் போயிடும். அப்புறம் டாப்புக்குத் துணி இருக்காது.

இப்போ அனார்கலி. இது டாப். மார்புக்குக் கீழ இருந்து விரியும். அந்த இடத்துல சுற்றளவு 32 இஞ்ச், அங்கிருந்து கீழ நீளம் 35 இஞ்ச்னு வெச்சுக்கோங்க. அம்ப்ரெல்லா கட்னா முழு வட்டம். 32-ஐ 6.28-ஆல வகுத்தா உள் ஆரம் 5 இஞ்ச், வெளி ஆரம் 40. கீழ் விளிம்பு 251 இஞ்ச், அதாவது 6 மீட்டருக்கு மேல! இதை ரெண்டு அரை வட்டமா வெட்டினா 160 இஞ்ச் துணி வேணும். 4 மீட்டர்ங்கிறது 157 இஞ்ச்தான். பாவாடை பகுதிக்கே பத்தலை.

அதுக்குப் பதிலா 12 பேனல் போடலாம். ஒவ்வொண்ணும் மேல 2.7 இஞ்ச், கீழ 8 இஞ்ச். தையலுக்கு ரெண்டு பக்கமும் அரை இஞ்ச். ஒரு பேனலை நேரா, அடுத்ததைத் தலைகீழா வெச்சா, 44 இஞ்ச் அகலத்துல ஆறு பேனல் அடங்கிடும். ரெண்டு வரிசைக்கு 2 மீட்டருக்குள்ள முடிஞ்சிடும். மீதித் துணியில மேல் பகுதியும் கையும் வந்துடும். விளிம்பு 96 இஞ்ச்தான், குடை மாதிரி சுழலாது. ஆனா மலைச் சரிவுல ஏறி இறங்குறப்போ, ஈரப் புல்லைக் கூட்டிட்டும் போகாது.

ஒண்ணு மட்டும் கவனிங்க. பூவோ மயிலோ ஒரே திசையைப் பார்க்கிற பிரின்ட்டா இருந்தா, இந்த வழியில பாதி பேனல்ல மயில் தலைகீழா நிக்கும். பிளெயின் துணியா, ரெண்டு திசையிலயும் ஒரே மாதிரி தெரியுற டிசைனா இருந்தா தாராளமா வெட்டச் சொல்லுங்க. கீழ போட, தனித் துணியில ஒரு சுடிதார் தைச்சுக்கோங்க.