டிசம்பர் 31 கடைசி நாள் இல்லை

இந்த எபிசோட்ல நான் பணம் கேக்கப்போறேன். முன்னாடியே சொல்லிடறேன், வேண்டாம்னா இப்பவே அடுத்ததுக்குப் போயிடலாம். தப்பா நினைக்க மாட்டேன்.

வட சென்னையில ஒரு வாடகை அறையில் 40 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துறோம். போன டிசம்பர்ல ஒரு வேண்டுகோள் அனுப்பினோம். மழையில நனைஞ்சு நிக்கிற ஒரு பையன் படம், கீழே "இன்றே கடைசி, வரிவிலக்கு உண்டு". பணம் வந்துச்சு. கூடவே ரெண்டு போன் வந்துச்சு.

முதல் போன் அந்தப் பையனோட அம்மா. "எதுக்குக்கா அந்தப் படம்? ஸ்கூல்ல அவனைக் கிண்டல் பண்றாங்க." எனக்குப் பதில் இல்லை. அன்னைக்கே படத்தை எடுத்தோம், ஆனா ஃபார்வர்ட் ஆனதை எப்படி எடுக்கிறது?

இரண்டாவது, பணம் கொடுத்த ஒரு தம்பி. "அக்கா, நிதியாண்டு மார்ச் 31-லதானே முடியுது, டிசம்பர்ல என்ன கடைசி?" அவர் சொன்னது சரி. டிசம்பர் கெடு வெளிநாட்டு வேண்டுகோள்கள்ல பாத்து நாங்க அப்படியே எழுதினது. அதோட 80ஜி கழிவு பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவங்களுக்குத்தான். புது முறையில இருந்தா அந்தக் கழிவு கிடையாது. இளம் வயசுல வேலைக்குச் சேர்ந்தவங்க பலர் புது முறையிலதான் இருக்காங்க. அந்தத் தம்பியும் அப்படித்தான். நம்பிக் கொடுத்திருக்கார்.

அதனால இந்த வருஷம் கடிதத்தைத் திரும்ப எழுதினோம். பிள்ளைங்க முகம் இல்லை. மார்கழிக் கோலத்துக்குப் பக்கத்துல அவங்க கழட்டிப் போட்ட செருப்புகள் மட்டும்தான். கணக்கு இதுதான்: மாசம் வாடகை 9,000, ரெண்டு ஆசிரியைகளுக்கு 16,000, சுண்டலுக்கு 5,000. மொத்தம் 30,000 ரூபாய். கையில ஜனவரி வரைக்கும் இருக்கு. பத்தாவது பரீட்சை முடியற வரைக்கும், அதாவது பிப்ரவரியில இருந்து ஏப்ரல் வரை மூணு மாசம் தேவை. 90,000. வரலைன்னா முதல்ல நிக்கப்போறது ஒரு ஆசிரியையோட சம்பளம், அவங்கதான் கணக்குப் பாடம் எடுக்கறாங்க.

முந்நூறு பேர் முந்நூறு ரூபாய் கொடுத்தா முடிஞ்சுது. 90,000 சேர்ந்ததும் கேக்கறதை நிறுத்திடுவோம். 80ஜி ரசீது வேணும்னா பான் எண் அனுப்புங்க. 2,000-க்கு மேல பணமா கொடுத்தா அந்தக் கழிவு கிடைக்காது, அதனால யூபிஐ நல்லது.

போகிக்கு முன்னாடி நிறைய பேர் பழைய துணி தரலாமான்னு கேப்பீங்க. அன்பா கேக்கறீங்க, தெரியும். ஆனா எங்க அறையில ஒரு அலமாரிகூட இல்லை, இந்த முறை வேண்டாம்.

இப்ப முடியாதா? மார்ச்லகூட தரலாம். பதில் போடாம விட்டாலும் நினைவூட்டல் வராது. பொங்கல் முடிஞ்சதும் எவ்வளவு வந்துச்சு, எதுக்குப் போகுதுன்னு ஒரே ஒரு மெசேஜ் வரும், கொடுத்தவங்களுக்கு மட்டும்.