விடுதிக்குச் செல்லும் பிள்ளையின் பெட்டி

ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் வாரத்தில், வெள்ளிமலையிலிருந்து இறங்கி வரும் பேருந்துகளைக் கச்சிராயபாளையத்திலோ வடக்கனந்தலிலோ நின்று பார்த்தால், தகரப் பெட்டியும் சுருட்டிய பாயுமாகத் தந்தையர் பிள்ளைகளை அழைத்துச் செல்வதைக் காணலாம். ஆறாம் வகுப்பில் முதன்முதலாக விடுதியில் சேரப்போகும் ஒரு பிள்ளையை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று இன்று பேசலாமென எண்ணுகிறேன்.

கடைக்குப் போகுமுன் விடுதிக் காப்பாளரிடம் போக வேண்டும். பாய், போர்வை, சீருடை, பாடநூல், குறிப்பேடு இவற்றுள் எவை அங்கே கிடைக்கும், எந்த மாதத்தில் கைக்கு வரும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. ஆகஸ்டில் கிடைக்கப்போகும் போர்வை ஜூன் மாதத்துக் குளிருக்கு உதவாது அல்லவா?

படுக்கையில் தொடங்குவோம். மெத்தை வேண்டாம். பதினொரு வயதுப் பிள்ளையால் மெத்தையைத் துவைக்கவும் முடியாது. வெயிலில் தூக்கிப் போடவும் முடியாது. மூட்டைப்பூச்சி ஒருமுறை அதன் தையலுக்குள் புகுந்துவிட்டால், பிறகு அந்த அறை முழுவதும் அதன் குடித்தனம்தான். ஒரு கோரைப்பாய், அதன்மேல் விரிக்க ஒரு ஜமக்காளம், இரண்டு பருத்தி விரிப்புகள், ஒரு போர்வை போதும். விடுதி மலைமேல் இருந்தால் ஒரு கம்பளியும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலையணை சிறியதாகவும், அதற்கு உறை இரண்டாகவும் இருக்கட்டும். நனைந்த ஜமக்காளத்தைப் பிள்ளை தானே பிழிந்து கொடியில் போடுகிறானா என்று வீட்டிலேயே ஒருநாள் செய்யச் சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் அதைவிட மெல்லியதாக வாங்குங்கள். துண்டும் அவ்வாறே, தடித்த பூத்துண்டைக் காட்டிலும் ஈரிழைத் துண்டு விரைவில் உலரும்.

சீருடை மூன்று இணையாவது வேண்டும். ஒன்று உடலில், ஒன்று கொடியில், ஒன்று பெட்டியில். ஐப்பசி, கார்த்திகை மாத அடைமழையில் துவைத்த துணி இரண்டு நாளானாலும் உலராது. இரண்டே இணை உள்ள பிள்ளை ஈரத் துணியையே உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போவான். அரையிலும் தொடையிலும் படர்தாமரை தோன்றுவதற்கு அதுவே நல்ல விளைநிலம். உள்ளாடைகள் ஐந்து கொடுங்கள். இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு இரண்டு அங்குலத்துக்கு மேலும் உயர்வதுண்டு. ஆதலால் கால்சட்டையின் அடிமடிப்பையும் பாவாடையின் அடிமடிப்பையும் இரண்டங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு துணியிலும் அடையாளம் வேண்டும். பழங்காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைப் பாலால் குறியிட்டார்கள். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளப்பும். வீட்டில் அதைக் கையாள வேண்டாம். சிவப்பு நூலால் பிள்ளையின் பெயரெழுத்தையும் விடுதி வரிசை எண்ணையும் உட்புறம் தைத்துவிடுங்கள். பெயரெழுத்து மட்டும் போதாது. ‘மு’ என்று தொடங்கும் முருகன்களும் முத்துக்களும் ஓர் அறையிலேயே நால்வர் இருப்பார்கள்.

எழுதுபொருளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆண்டு முழுவதற்கும் ஒரேயடியாக வாங்கி அனுப்பாதீர்கள். காலாண்டுத் தேர்வு வரைக்கும் போதுமானதை மட்டும் அனுப்புங்கள். மிகுதியாக இருப்பது கடனாகப் போய்த் திரும்பி வராது. வீட்டு முகவரி எழுதிய அஞ்சலட்டைகள் நான்கும் பெட்டியில் இருக்கட்டும். மலைச் சிற்றூர்கள் பலவற்றில் தொலைபேசி எப்போதும் கேட்பதில்லை.

இனி மருந்து. பெற்றோர் அன்பு மிகுதியால் தவறு செய்யும் இடம் இது. காய்ச்சல் மாத்திரை, இருமல் மருந்து, வயிற்றுவலி மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். பிள்ளை தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொள்வான். பக்கத்துப் பாய்க்காரனுக்கும் பார்ப்பான்! 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு 300 முதல் 450 மில்லிகிராம் வரையில்தான். கடையில் கிடைக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை முழுவதும் அவனுக்கு மிகை. ஆகவே மருந்துகளைக் காப்பாளரின் கையில் ஒப்படைத்துவிடுங்கள். உடன் ஒரு தாளும் கொடுங்கள். அதில் பிள்ளையின் எடை, மருத்துவர் எழுதிய மருந்தின் பெயர், எவ்வளவு, எந்த வேளை, எந்த மருந்து அவனுக்கு ஒவ்வாது என்பன தெளிவாக இருக்கட்டும். இழுப்பு நோயுள்ள பிள்ளையின் உறிஞ்சு மருந்து மட்டும் இதற்கு விலக்கு. அது அவன் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும். காப்பாளரிடம் இன்னொன்று இருக்கட்டும். 10 வயதில் போட வேண்டிய ‘டிடி’ தடுப்பூசி போட்டாயிற்றா என்பதையும் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் எந்த மருந்தும் வைக்க முடியாத ஒரு நோயும் உண்டு, அது சிரங்கு. விடுதிகளில் நான் மிகுதியாகக் கண்டது இதைத்தான். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. இது முதன்முறையாகத் தொற்றும் பிள்ளைக்கு அரிப்புத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஜூன் கடைசியில் தொற்றிக்கொண்டவன் ஜூலை முழுவதும் ஒன்றும் அறியாமல் அருகில் படுப்பவனுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பான். ஆகஸ்டில் விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பைச் சுற்றியும் இரவில் அரிக்கும். வீட்டாருக்குத் தெரிவது பெரும்பாலும் காலாண்டு விடுமுறையில்தான்.

அப்போது அவனுக்கு மட்டும் களிம்பு பூசித் திருப்பி அனுப்புகிறார்கள். விடுதியில் மற்றவர்கள் உடலில் பூச்சி இருக்கிறது, மீண்டும் தொற்றுகிறது. இம்முறை இரண்டு மூன்று நாளிலேயே அரிப்பு வந்துவிடும். ‘களிம்பு போலி’ என்று கடைக்காரரோடு சண்டை! செய்ய வேண்டியது வேறு. மருத்துவர் தரும் பெர்மெத்ரின் 5 விழுக்காட்டுக் களிம்பை, அரிப்பு இல்லாதவர் உட்பட அறையிலுள்ள அனைவரும் ஒரே இரவில் பூச வேண்டும். கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் நகக்கண்ணும் விடாமல் பூசி, எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்து குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறையும் பூச வேண்டும். வீட்டுக்கு வந்து போன பிள்ளையாயின் வீட்டாருக்கும் இதுவே முறை. அதன் பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். புதிய கொப்புளம் தோன்றாதிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

பாயும் துண்டும் சட்டையும் அவரவர்க்குத் தனியே இருக்க வேண்டும் என்று முன்னே சொன்னவற்றின் பயன் இங்கே தெரியும். மனித உடலை விட்டு அகன்ற பூச்சி இரண்டு மூன்று நாளைக்கு மேல் பிழைப்பதில்லை. களிம்பு பூசிய மறுநாள் துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். வெந்நீரில் போட முடியாத கம்பளியையும் ஜமக்காளத்தையும் நெகிழிப் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரம் தொடாமல் வைத்துவிடலாம்.

விடுமுறைக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்த மூட்டையை முற்றத்தில் அவிழ்த்து வெயிலில் போடுங்கள். பிறகு அவனுடைய விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள்.